வரிசை மாறிய கொம்பு, காணாமல் போன உகரம்: பிடிஎஃப்-இலிருந்து தமிழை மீட்பது

கேள்வி: எங்கள் பள்ளியின் பழைய மாணவர் மலர் பிடிஎஃப் ஆக மட்டுமே இருக்கிறது. தட்டச்சு செய்த மூலக் கோப்பு யாரிடமும் இல்லை. அதிலிருந்து கட்டுரைகளை எடுத்து வேர்டில் ஒட்டினால் கொம்புகள் எல்லாம் இடம் மாறி, வட்டப் புள்ளிகளோடு வருகின்றன. டு, று, மு வர வேண்டிய இடங்களில் வெறும் கட்டம். பிடிஎஃப்-இல் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மாதிரிக்கு ஒரு பக்கம் அனுப்பியிருக்கிறேன். 140 பக்கத்தையும் மறுபடி தட்டச்சு செய்வதுதான் வழியா? கட்டளைகள் கொடுத்தால் கணினி படிக்கும் என் தங்கை மகன் செய்து தருவான். – ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

பதில்: வணக்கம் அம்மா. மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். நீங்கள் அனுப்பிய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதில் இரண்டு கோளாறுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. கொம்பு இடம் மாறியது ஒன்று, கட்டம் விழுந்தது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. எதை முதலில் சரிசெய்கிறோம் என்பது இங்கே மிக முக்கியம். அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பக்கத்தில் உள்ள ஒரு வரியையே எடுத்துக்கொள்வோம். தாளில் இருப்பது இது:

தலைவர் கொடுத்த பரிசை மாணவர்கள் மேடையில் பெற்றுக்கொண்டனர்.

ஒட்டினால் வருவது இது:

தைலவர் ெகா□த்த பரிைச மாணவர்கள் ேமைடயில் ெபற்□க்ெகாண்டனர்.

பிடிஎஃப் என்பது அச்சுக்கு அனுப்பும் தாள் மாதிரி. “இந்த இடத்தில் இந்த வடிவத்தை வரை, அதற்கு அடுத்து இதை வரை” என்பதுதான் அதன் உள்ளே எழுதப்பட்டிருக்கும். ‘கொடுத்த’ என்ற சொல்லைத் தாளில் வரைய ஆறு வடிவங்கள் தேவை: ஒற்றைக் கொம்பு, க, துணைக்கால், டு, த், த. கையால் எழுதும்போது நாமும் இதே வரிசையில்தான் எழுதுகிறோம், கொம்பு முதலில், ககரம் பிறகு. தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கும் இது கை வந்த வரிசை.

யூனிகோட் அப்படிச் சேமிப்பதில்லை. ஒலிக்கும் வரிசையில், மெய்யை முதலில் வைத்து உயிர்க்குறியை அதன் பின்னால் வைக்கிறது. ‘கொ’ என்றால் க என்ற ஓர் எண், அதன் பின் ஒகரக் குறி என்ற ஓர் எண், அவ்வளவுதான். திரையில் காட்டும்போது அந்த ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைப்பது எழுத்துருவும் அதை இயக்கும் நிரலும் செய்கிற வேலை. மலரைப் பிடிஎஃப் ஆக்கியபோது அந்த வேலை முடிந்துவிட்டது. கோப்பில் பதிந்தது வரைந்த வரிசை. நகலெடுக்கும்போது அந்த வரிசையே அப்படியே வெளியே வருகிறது. தாய்லாந்து மொழிக்கும் இடப்பக்கம் எழுதும் உயிர்க்குறிகள் உண்டு. ஆனால் அவற்றை யூனிகோட் எழுதும் வரிசையிலேயே சேமிப்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மேலே உள்ள வரியில் முதல் சொல்லைக் கவனியுங்கள். ‘தலைவர்’ என்பது ‘தைலவர்’ ஆகிவிட்டது. வட்டப் புள்ளி எதுவும் இல்லை. த, ஐகாரக் குறி, ல என்ற வரிசையில் வந்ததால் அந்தக் குறி முன்னால் இருந்த தகரத்தோடு ஒட்டிக்கொண்டது. ‘வரை’ என்பது ‘வைர’ ஆகும், ‘தலை’ என்பது ‘தைல’ ஆகும், ‘கதை’ என்பது ‘கைத’ ஆகும். கொம்பு சொல்லின் தொடக்கத்தில் வந்தாலோ, இன்னொரு உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ பின்னால் வந்தாலோ மட்டும்தான் வட்டப் புள்ளி தெரியும். மற்ற இடங்களில் பிழை சத்தமில்லாமல் இன்னொரு சொல் போல நின்றுவிடும். ஆகவே வட்டப் புள்ளி தெரிகிற இடங்களை மட்டும் கையால் திருத்தினால் போதும் என்று தொடங்கிவிடாதீர்கள். கண்ணில் படாமல் தப்பிப்பவை ஏராளம்.

அடுத்து, அந்தக் கட்டம். பிடிஎஃப்-இல் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு. அது வடிவத்தின் வரிசை எண்தானே தவிர, எழுத்தின் எண் இல்லை. ‘இந்த வடிவ எண் வந்தால் இந்த யூனிகோட் எழுத்து’ என்று சொல்ல ஒவ்வொரு எழுத்துருவோடும் ஓர் அட்டவணை சேர்ந்து வர வேண்டும். அதன் பெயர் `ToUnicode`. பிடிஎஃப்-ஐப் பார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் இந்த அட்டவணை தேவையே இல்லை. நகலெடுக்கவும் தேடவும் மட்டும்தான் தேவை. திரையில் எல்லாம் சரியாகத் தெரிவதன் காரணம் இதுதான்.

தமிழில் உகர, ஊகார எழுத்துகள் மெய்யோடு சேர்ந்து வேறு வடிவம் எடுப்பவை. கு, டு, மு, று ஒவ்வொன்றும் எழுத்துருவில் ஒரு தனி வடிவம். ‘டி’யும் அப்படித்தான். யூனிகோடில் ‘டு’ என்பதற்குத் தனி எண் கிடையாது. அது ட, உகரக் குறி என்ற இரண்டு எண்களின் சேர்க்கை. மலரைப் பிடிஎஃப் ஆக்கிய மென்பொருள், மற்ற வடிவங்களை அட்டவணையில் எழுதிவிட்டு, இப்படி உருமாறும் சேர்க்கை வடிவங்களை எழுதாமல் விட்டுவிட்டது. அதனால்தான் டு, று, மு எல்லாமே ஒரே கட்டமாக வருகின்றன.

இப்போது வரிசைக்கு வருகிறேன். இடம் மாறிய கொம்பை, எழுத்தை வெளியே எடுத்த பிறகும் திருத்தலாம், ஏனென்றால் எந்தத் தகவலும் தொலையவில்லை, வரிசை மட்டுமே மாறியிருக்கிறது. கட்டம் அப்படி அல்ல. வெளியே வந்த கட்டம் ‘டு’வா ‘மு’வா என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது. அதனால் முதலில் பிடிஎஃப்-இன் உள்ளேயே அட்டவணையைச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் எழுத்தை வெளியே எடுக்க வேண்டும். கொம்பை நகர்த்துவது கடைசியில்.

உங்கள் தங்கை மகன் `poppler`, `qpdf` என்ற இரண்டு இலவசக் கருவிகளை நிறுவிக்கொள்ளட்டும். முதல் கட்டளை:

```
pdffonts malar.pdf
```

இது கோப்பில் உள்ள எழுத்துருக்களைப் பட்டியலிடும். `uni` என்ற பத்தியில் `yes` இருந்தால் அட்டவணை உண்டு, `no` என்றால் இல்லை. `yes` என்று இருப்பதாலேயே அட்டவணை முழுமையானது என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் கோப்பிலும் `yes`தான், ஆனால் பாதி எழுத்துகளைக் காணோம். அதே பட்டியலில் எழுத்துருப் பெயருக்கு முன்னால் ஆறு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் இருப்பதைப் பார்க்கலாம். எழுத்துரு முழுவதும் இல்லாமல், பயன்பட்ட வடிவங்கள் மட்டும் கோப்பில் இருக்கின்றன என்பதன் அடையாளம் அது. ஒரே எழுத்துரு இப்படி இரண்டு மூன்று முறை வந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை இருக்கும், ஒவ்வொன்றையும் திருத்த வேண்டும்.

அடுத்து, சுருக்கி வைத்திருக்கும் பிடிஎஃப்-ஐப் படிக்கக்கூடிய வடிவில் விரிக்க வேண்டும்:

```
qpdf --qdf --object-streams=disable malar.pdf malar-q.pdf
```

புதிய கோப்பைத் திறந்து `beginbfchar` என்று தேடினால் அட்டவணை கிடைக்கும். சில கோப்புகளில் `beginbfrange` என்றும் இருக்கும், அது தொடர்ச்சியான எண்களைச் சேர்த்து எழுதும் முறை. உங்கள் பக்கத்தில் நான் பார்த்ததை, நம் சொல்லுக்குத் தேவையான அளவு சுருக்கித் தருகிறேன்:

```
5 beginbfchar
<0012> <0B95>
<001A> <0BC6>
<0021> <0BA4>
<0034> <0BBE>
<0058> <0BA40BCD>
endbfchar
```

இடப்பக்கம் வடிவ எண், வலப்பக்கம் யூனிகோட் எண். 0B95 என்பது க, 0BC6 ஒற்றைக் கொம்பு, 0BA4 த, 0BBE துணைக்கால். கடைசி வரியைப் பாருங்கள். ‘த்’ என்ற ஒரு வடிவத்துக்கு த, புள்ளி என்ற இரண்டு எண்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வடிவத்துக்குப் பல எழுத்துகள் கொடுக்க இந்த அட்டவணை அனுமதிக்கிறது. ‘டு’வையும் இதே போலச் சேர்க்கலாம்.

ஆனால் ‘டு’வின் வடிவ எண் என்ன? அதைக் கண்டுபிடிக்க ‘கொடுத்த’ என்ற சொல் வரையப்படும் இடத்துக்குப் போக வேண்டும். அங்கே இப்படி இருக்கிறது:

```
<001A00120034004700580021> Tj
```

நான்கு நான்கு இலக்கமாகப் பிரித்தால் ஆறு எண்கள். தாளில் உள்ள ஆறு வடிவங்களோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்துங்கள். கொம்பு 001A, க 0012, கால் 0034, நான்காவதாக வரும் 0047தான் டு. அட்டவணையில் இல்லாத எண் அது. ஆக, ஒரு வரியைச் சேர்த்து, தலைப்பில் உள்ள 5 என்பதை 6 ஆக்குகிறோம்:

```
6 beginbfchar
<0012> <0B95>
<001A> <0BC6>
<0021> <0BA4>
<0034> <0BBE>
<0047> <0B9F0BC1>
<0058> <0BA40BCD>
endbfchar
```

அந்த எண்ணிக்கையை மாற்ற மறந்துவிட்டால் சில மென்பொருள்கள் கடைசி வரியைப் படிக்காது. ஒரு தொகுதியில் 100 வரிக்கு மேல் போகக்கூடாது, போனால் இன்னொரு தொகுதி தொடங்க வேண்டும். 0047 என்பது உங்கள் கோப்பில் மட்டும்தான் டு. வேறொரு பிடிஎஃப்-இல் அதே எண் வேறு எழுத்தாக இருக்கும்.

இப்படியே கு, மு, று, டி என்று ஒவ்வொன்றுக்கும் எண் கண்டு சேர்க்க வேண்டும். எல்லா மெய்க்கும் உகரம், ஊகாரம் இரண்டையும் கணக்கிட்டாலும் 40 வரிகளுக்குள் முடிந்துவிடும், பயன்படாத வடிவங்களுக்கு வரி தேவையில்லை. ஒரு மாலை நேர வேலை. கோப்பின் நடுவே எழுத்துருவின் இரும எண்களும் இருப்பதால், அவற்றைச் சிதைக்காத நிரல் எழுதும் உரைத்திருத்தியில்தான் திருத்த வேண்டும், வேர்டில் திறக்கவே கூடாது. முடித்ததும்:

```
fix-qdf malar-q.pdf > malar-new.pdf
pdftotext -enc UTF-8 malar-new.pdf malar.txt
```

`fix-qdf` என்பது `qpdf` உடனேயே வரும். நாம் வரி சேர்த்ததால் நகர்ந்துபோன உள் முகவரிகளை அது சரிசெய்யும். இப்போது `malar.txt` கோப்பில் ‘ெகாடுத்த’ என்று வரும். கட்டம் போய்விட்டது. கொம்பு மட்டும் இன்னும் முன்னால் நிற்கிறது.

அட்டவணையை இவ்வளவு திருத்தியும் கொம்பு ஏன் நகரவில்லை என்று கேட்கலாம். அட்டவணை ஒரு நேரத்தில் ஒரு வடிவத்தை மட்டுமே பார்க்கும். ‘கொம்பு வந்தால் அடுத்ததற்குப் பின்னால் வை’ என்று அதில் எழுத வழி இல்லை. அதற்குப் பிடிஎஃப்-இல் `ActualText` என்ற வேறு ஏற்பாடு இருக்கிறது. ஒரு கூட்டம் வடிவங்களைச் சுற்றி, ‘இவை சேர்ந்து உண்மையில் இந்த எழுத்து’ என்று குறிப்பெழுதுவது அது. மலர் முழுவதற்கும் அதைக் கையால் எழுத முடியாது. உங்களுக்குத் தேவை கட்டுரைகளின் எழுத்து என்பதால், வெளியே எடுத்த பிறகு திருத்துவதே எளிது.

திருத்தும் முன் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். வரைந்த வரிசையில் உள்ள எழுத்தில், ெ, ே, ை மூன்றும் சொல்லின் கடைசியில் வரவே முடியாது. ஒலி வரிசையில் உள்ள எழுத்தில் அவை சொல்லின் தொடக்கத்தில் வரவே முடியாது. கோப்பில் இரண்டு வகையும் இருந்தால் இரண்டு வரிசையும் கலந்திருக்கிறது என்று பொருள். விளம்பரப் பக்கங்களும் முன்னுரையும் வேறு இடத்தில் செய்து சேர்த்த மலர்களில் இது நடக்கும். நான் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் இந்தச் சோதனையைச் செய்யாமல், ஏற்கெனவே சரியாக இருந்த அத்தியாயங்கள் மீதும் நிரலை ஓட்டிவிட்டேன். ‘கேட்ட’ என்பதெல்லாம் ‘கடே்ட’ என்று சிதைந்தது. மூலக் கோப்பைத் தனியாக வைத்திருந்ததால் தப்பினேன். கலந்திருந்தால், சரியாக உள்ள பக்கங்களை முதலில் வேறு கோப்புக்குப் பிரித்துவிடுங்கள்.

இன்னொன்று, வரைந்த வரிசையில் உள்ள பக்கங்களிலும் சில இடங்களில் கொம்புக்குப் பின்னால் ஓர் இடைவெளி நுழைந்து, கொம்பு சொல்லின் கடைசியில் நிற்பது போலத் தெரியும். எழுத்தெடுக்கும் கருவி தாளில் உள்ள இடைவெளியை வைத்துச் சொற்களைப் பிரிப்பதால் வருவது. வரைந்த வரிசையில் கொம்புக்குப் பின் இடைவெளி வர நியாயமே இல்லை என்பதால் அதை நீக்கிவிடலாம். எல்லாம் சேர்ந்த நிரல் இது:

```python
import re, unicodedata
s = open("malar.txt", encoding="utf-8").read()
s = re.sub(r"([\u0BC6-\u0BC8])\s+", r"\1", s)
s = re.sub(r"([\u0BC6-\u0BC8])(\u0B95\u0BCD\u0BB7|[\u0B95-\u0BB9])",
           r"\2\1", s)
s = unicodedata.normalize("NFC", s)
open("malar-ok.txt", "w", encoding="utf-8").write(s)
```

ெ, ே, ை என்ற மூன்றில் ஒன்று வந்தால் அதை அடுத்து வரும் மெய்க்குப் பின்னால் நகர்த்துகிறது. நடுவில் இருக்கும் அந்த மூன்று எண்கள் க்ஷ. அதை முதலில் சொல்லாவிட்டால் ‘க்ஷேத்திரம்’ என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே போய் மாட்டிக்கொள்ளும். கடைசி வேலை `NFC`. கொம்பு நகர்ந்த பிறகு ‘கொ’வில் க, கொம்பு, கால் என்று மூன்று எண்கள் இருக்கும். பார்வைக்குச் சரியாக இருந்தாலும், கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே ஒகரக் குறியாக்கினால்தான் எல்லா மென்பொருளிலும் தேடல் ஒழுங்காக நடக்கும்.

நிரலால் தீராத ஒன்று மிச்சம் இருக்கிறது, ஔகாரம். அதன் வலப்பக்கத் துண்டு பார்க்க ளகரம் போலவே இருப்பதால், பல கோப்புகளில் அது ளகரமாகவே பதிந்திருக்கும். ‘கௌரி’ என்பது கெ, ள, ரி என்று வரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படாது. இந்தக் கோவையைத் தேடினால் சந்தேகத்துக்குரிய இடங்கள் கிடைக்கும்:

```
[\u0B95-\u0BB9]\u0BC6\u0BB3(?![\u0BBE-\u0BCD])
```

கொம்புள்ள மெய்யை அடுத்து, எந்தக் குறியும் இல்லாத வெறும் ளகரம் வரும் இடங்களை இது காட்டும். ‘வெளி’, ‘தெளிவு’, ‘வெள்ளம்’ இதில் சிக்காது. பௌர்ணமி, மௌனம், சௌகரியம் போன்றவை சிக்கும், அவற்றை ஔகாரமாக மாற்றிவிடலாம். ஆனால் மொத்தமாக மாற்றிவிட வேண்டாம். மலரில் சிறுகதைகள் இருந்தால், உரையாடலில் ‘கெளம்பு’, ‘வெளங்குமா’ என்று எழுதியிருப்பார்கள். அவை உண்மையான ளகரங்கள். இதை நீங்களே ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யுங்கள் அம்மா, ஆசிரியையின் கண்தான் இதற்குச் சரியான கருவி.

மலரில் சில பக்கங்கள் இந்த வழிக்கு வராமல் போகலாம். நகலெடுத்தால் தமிழுக்குப் பதில் `nfhL` போன்ற ஆங்கில எழுத்துகள் வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அதில் n கொம்பு, f ககரம், h கால், L டு. அதற்கு அட்டவணை திருத்த வேண்டியதில்லை. அந்தந்த எழுத்துருவுக்கான யூனிகோட் மாற்றியைப் பயன்படுத்தினால் போதும், பெரும்பாலான மாற்றிகள் கொம்பையும் அவையே நகர்த்திவிடும். மாற்றிய எழுத்தின் மீது மேலே உள்ள நிரலை மறுபடி ஓட்டாதீர்கள். ஒரு பக்கத்தில் எதையுமே தேர்வு செய்ய முடியவில்லை என்றால் அது வெறும் படம். அப்போது எழுத்துணரிதான் வழி:

```
ocrmypdf -l tam --force-ocr pakkam.pdf pakkam-ocr.pdf
```

இதற்குத் தமிழ்த் தரவோடு `tesseract` நிறுவியிருக்க வேண்டும். எழுத்துணரி படத்தைப் பார்த்து ஊகிப்பது என்பதால், ஒவ்வொரு வரியையும் தாளோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டியிருக்கும். அட்டவணை வழியாக எடுத்த பக்கங்களுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஒவ்வோர் உகர, ஊகார எழுத்தும் ஒரு முறையாவது வருகிற நான்கைந்து பக்கங்களைத் தாளோடு வைத்துப் படியுங்கள். அட்டவணையில் ஓர் எண்ணைத் தவறாக எழுதியிருந்தால், அந்தப் பிழை எல்லாப் பக்கங்களிலும் ஒரே மாதிரி வரும், சட்டென்று பிடிபட்டுவிடும்.

திருத்திய கட்டுரைகளை மறுபடி பிடிஎஃப் ஆக வெளியிடப் போகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. லிப்ரே ஆபிஸில் பிடிஎஃப் ஆக்கும்போது மூலக் கோப்பையும் உள்ளேயே சேர்த்துவைக்கும் கலப்புப் பிடிஎஃப் என்ற தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால், பிற்காலத்தில் அதே பிடிஎஃப்-ஐ லிப்ரே ஆபிஸில் திறந்தாலே திருத்தக்கூடிய கட்டுரை கிடைக்கும். தங்கை மகன் சீலாடெக்கில் பக்கம் அமைப்பவன் என்றால், கோப்பின் தலைப்பகுதியில் இந்த ஒரு வரி போதும், சொல்லுக்குச் சொல் `ActualText` தானாகவே பதிந்துவிடும்:

```
\XeTeXgenerateactualtext=1
```

எந்த வழியில் செய்தாலும், அச்சுக்கோ குழுவுக்கோ அனுப்பும் முன் புதிய பிடிஎஃப்-இல் ‘தலைவர்’ என்று தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை, ‘தைலவர்’ என்று தேடினால் கிடைக்கிறது என்றால், அந்தக் கோப்பில் பழைய கோளாறு அப்படியே இருக்கிறது.